ரேயானுக்கு இந்த மெஷின் ஒத்துவருமா? 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக், அனுமந்தைத் தண்ணீரில்

இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை வாங்குபவர்கள் கடையில் கேட்பது, அழுக்கு போகுமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்றுதான். வீட்டில் கொடியில் தொங்குவதில் பாதி ரேயான் நைட்டியும் குர்த்தியுமாக இருந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: நனைந்த ரேயானை இந்த மெஷின் எப்படிக் கையாள்கிறது? மரக்காணம் பக்கத்து அனுமந்தையில், உப்புக் கலந்த போர்வெல் தண்ணீர் வரும் ஒரு உறவினர் வீட்டில், பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையுள்ள 7 கிலோ மெஷினை வைத்து இதைச் சோதித்தோம். பருத்திக்கும் ரேயானுக்கும் ஒரே அளவில் துண்டு வெட்டி, 50 செ.மீ. கோடு போட்டு, வெவ்வேறு விதமாகத் துவைத்துப் பார்த்தோம்.

மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு நூல் சோதனை. ரேயான் துணியின் தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் தண்ணீர் தொட்டு, இரு முனையையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே பட்டென்று அறுந்துவிடும். பருத்தி நூலில் ஈரமான இடம்தான் தாங்கும், அறுந்தால் பெரும்பாலும் காய்ந்த பக்கம்தான் அறும். கொளுத்திப் பார்த்தால் இரண்டுமே எரிந்த காகித வாடைதான் வீசும், அதில் வித்தியாசம் தெரியாது. துணிக்கடையில் 'காட்டன் மாதிரி' என்று சொல்லிக் கொடுத்ததை அடையாளம் காண இந்த ஈர நூல் போதும்.

வாடை ஒன்றாக இருப்பதற்குக் காரணம், இரண்டுமே செல்லுலோஸ். பருத்தி அதைச் செடியிலேயே இழையாக்கிக்கொள்கிறது. விஸ்கோஸ் ரேயானுக்கு மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்துப் பாகாக்கி, நுண்துளை வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சி மறுபடி இழையாக்குகிறார்கள். 1892இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் பல்லாண்டுகள் ஓடிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலையும் நீலகிரி யூகலிப்டஸை வைத்து இதைத்தான் செய்தது. இப்போது ஈரோட்டு விசைத்தறிகளில் ரேயான் துணி பெருமளவில் நெய்யப்படுகிறது.

இந்தக் கரைத்தலில்தான் பலம் போகிறது. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலி ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் கண்ணிகள் உண்டு, விஸ்கோஸில் சில நூறுதான் மிஞ்சும். அதோடு, பருத்தியில் சங்கிலிகள் பெரும்பகுதி நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். விஸ்கோஸில் ஒழுங்கில்லாத தளர்வான இடமே அதிகம். தண்ணீர் நுழைவது அந்தத் தளர்ந்த இடங்களில்தான். நீள வைக்கோலில் முறுக்கிய புரிக்கும் நறுக்கிய வைக்கோலில் முறுக்கிய புரிக்கும் உள்ள வித்தியாசம் இது: இழுத்தால் இரண்டாவதில் துண்டுகள் ஒன்றையொன்று விட்டு நழுவிவிடும். காய்ந்திருக்கும்போது சங்கிலிகளைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீர் பிரித்துவிடுவதால், சாதாரண விஸ்கோஸ் நனைந்தால் தன் பலத்தில் பாதியளவை இழக்கிறது. பருத்தியில் நீண்ட சங்கிலி நழுவ வழியில்லை. இழைக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தண்ணீர் தளர்த்தி, சுமையைச் சமமாகப் பகிர வைக்கிறது. அதனால் பருத்தி நனைந்தால் பலம் கூடுகிறது.

இந்தப் பலவீனம் நிரந்தரமல்ல. அடிபடாமல் காய்ந்தால் ரேயானின் பலம் திரும்பிவிடும். ஆகவே, நனைந்தது முதல் காய்வது வரை துணி என்ன பாடு படுகிறது என்பதே கேள்வி. மெஷினை அந்தக் கண்ணோடுதான் பார்த்தோம்.

துவைக்கும் தொட்டி: அடியில் சுழலும் பல்சேட்டர்தான் இங்கே சிக்கல். 'ஸ்ட்ராங்'கில் ரேயான் துண்டு மற்ற துணிகளோடு கயிறாக முறுக்கிக்கொண்டது. மேற்பரப்பில் பஞ்சு எழும்பி, தையலோரத்தில் நூல்கள் விலகி இடைவெளி தெரிந்தது. பருத்தித் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஜென்டில்'லில் சுழலும் வேகம் குறைவதாகத் தெரியவில்லை, நின்று திரும்பும் இடைவெளிதான் கூடுகிறது. எனவே அந்தப் பெயரை மட்டும் நம்ப முடியாது. ரேயானைத் திருப்பி, ஜிப் வைத்த வலைப்பையில் போட்டு, தொட்டி நிறையத் தண்ணீரும் கொஞ்சமே துணியுமாக மூன்று நிமிடம் விட்டபோது முறுக்கல் நின்றது, பஞ்சும் எழும்பவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, கல்லில் சோப்புக்கட்டியும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்த துண்டுதான் எல்லாவற்றிலும் மோசம். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரை வராததால் இன்னும் சோப்பு, இன்னும் தேய்ப்பு என்று கை போகிறது. காரம் கூடினால் விஸ்கோஸ் இன்னும் ஊதும், ஊதிய இழைமேல் பிரஷ் விழும். இந்தத் தண்ணீருக்கு லிக்விட் டிடர்ஜென்ட்டே மேல்.

ஸ்பின் தொட்டி: நாங்கள் பயந்தது இதற்குத்தான், மெஷின் நன்றாகச் செய்ததும் இதைத்தான். நிமிடத்துக்கு 1,300 சுற்று என்றால் மிரட்டலாகத்தான் தெரியும். ஆனால் துணியைப் பரப்பி வைத்து உள்மூடியை அழுத்தியிருந்தால், அது கூடையின் சுவரில் சாய்ந்து நிற்கும். நீர் வெளியே போகும், நூல் தனியாக இழுபடாது. கையால் பிழியும்போது அப்படியில்லை. முறுக்கின் முழு விசையும் நனைந்த நூல்களின் மேல்தான் இறங்குகிறது.

எடையும் அதையே சொன்னது. காய்ந்தபோது 300 கிராம் இருந்த ரேயான் நைட்டி, வாளியிலிருந்து அப்படியே தூக்கும்போது ஒரு கிலோவை நெருங்கியது. ஒரு நிமிட ஸ்பின்னுக்குப் பிறகு 600 கிராமுக்குச் சற்றுக் கீழே வந்தது. ஸ்பின் இல்லாமல் கொடியில் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், அந்த நீரின் எடை முழுவதும் தோள்தையலில் விழும். நனைந்த விஸ்கோஸ் எளிதில் நீளவும் செய்யும், நீளவாட்டில் தொங்கலாகிவிடும். ஒரு குறை உண்டு: இந்த மெஷினில் ஸ்பின் வேகத்தைக் குறைக்க வழியில்லை, நேரத்தை மட்டும்தான் குறைக்கலாம். ஐந்து நிமிடம் விட்டால் சுருக்கம் அழுந்திப் படிந்துவிடுகிறது, இஸ்திரியில் அதை நீக்க மறுபடி ஈரமாக்கி இழுக்க வேண்டியிருக்கும். ஒரு நிமிடமே போதும்.

அலசல்: உப்பளக் கரைக்கென்று ஒரு எச்சரிக்கை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாக நீரை இழுக்கும். துணியில் உப்பு தங்கிவிட்டால், பகலில் காய்ந்தது இரவில் மறுபடி ஈரம் கோக்கும். ஈரம் கோத்த ரேயான் பலம் குறைந்த ரேயான்தான். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். வாளியால் ஊற்றியே ஓட்டலாம் என்பதால் இதற்கு செமி ஆட்டோமேட்டிக் வசதி. முன்பக்கக் கதவு மெஷின்களில் ஸ்பின் வேகத்தைக் குறைக்கலாம், துணிக்கும் அவை மென்மை. ஆனால் அவற்றுக்குக் குழாய் அழுத்தம் வேண்டும், சுண்ணாம்புத் தண்ணீரில் ஹீட்டரில் உப்புப் படியும்.

முடிவு: லுங்கி, போர்வை, பள்ளிச் சீருடை போன்ற பருத்தித் துணிகளுக்கு இந்த மெஷினைத் தயங்காமல் வாங்கலாம். ரேயானுக்கு இதைப் பாதி மெஷினாக எண்ணிக்கொள்ளுங்கள். வாளியில் பத்து நிமிடம் லிக்விட் கலந்த நீரில் அமுக்கி எடுத்து, இரண்டு கையாலும் தாங்கித் தூக்கி, ஸ்பின்னுக்கு மட்டும் கொடுங்கள். பிறகு கொடியில் இரண்டாக மடித்து, நிழலில் போடுங்கள். முதல் துவைப்பில் இரண்டு செ.மீ.க்கு மேல் எங்கள் கோடு சுருங்கியது, ஆகவே ரேயான் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். லேபிளில் மோடல், லையோசெல் என்று இருந்தால் வலைப்பை, 'ஜென்டில்' வழியே போதும். அவையும் மரக்கூழ் இழைதான், ஆனால் நனைந்தாலும் விஸ்கோஸைவிடக் கூடுதலாகத் தாங்கும்.