ஊடகச் செழுமைக் கோட்பாடு: ஒரு மதிப்பீடு

நிறுவனங்களில் பணிபுரிவோர் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் முறைமை பற்றி எழுந்த கோட்பாடுகளுள் ஊடகச் செழுமைக் கோட்பாடு பெரிதும் எடுத்தாளப்படுவது. அமெரிக்க முகாமைத்துவ அறிஞர்களான றிச்சாட் டவ்ற், றொபேட் லெங்கல் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டில் இதனை முன்வைத்து, 1986இல் விரித்துரைத்தனர். மின்னஞ்சல், தொலைபேசி, கைத்தொலைபேசி வழியான உடனடிச் செய்தி ஆகிய மூன்றும் ஒவ்வொரு பணியகத்திலும் நிலைபெற்றுவிட்ட இன்று, மனத்தைப் புண்படுத்தக்கூடிய ஒரு செய்தியை இவற்றுள் எதன்வழி தெரிவிப்பது என்ற வினாவுக்கு விடையாகவும் இக்கோட்பாடே காட்டப்படுகின்றது. அவ்விடை எத்துணை பொருத்தமானது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்பாட்டின் அடிப்படை எளிமையானது. நிறுவனத்தில் எழும் இடர்ப்பாடுகள் இருவகைப்படும். ஒன்று, தகவல் போதாமை. கூட்டம் எத்தனை மணிக்கு என்பது தெரியாதவருக்கு வேண்டுவது ஓர் எண் மட்டுமே. அதனை ஒரு வரிக் குறிப்பே தந்துவிடும். மற்றையது, பொருள் மயக்கம். தகவல் கையிலிருந்தும் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் இருவர் வேறுபடும் நிலை இது. “உமது பொறுப்பு மாற்றப்படுகின்றது” என்ற சொற்றொடர் ஒருவருக்கு உயர்வாகவும் இன்னொருவருக்குத் தண்டனையாகவும் படலாம். மேலும் தகவல்களைக் குவிப்பதால் இம்மயக்கம் தீராது. பேசியே தீர்த்தல் வேண்டும்.

இதன்வழி, பொருள் மயக்கம் மிகுந்த செய்திக்குச் செழுமை மிகுந்த ஊடகம் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. உடனடியாக மறுமொழி கிடைத்தல், குரலும் முகக்குறிப்பும் போன்ற பல குறிகள் ஒருங்கே புலப்படுதல், மொழியைப் பலவாறாகக் கையாளும் வாய்ப்பு, குறித்த ஒருவரையே நோக்கிப் பேசுதல் என்ற நான்கும் செழுமையின் அளவுகோல்கள். இவற்றின்படி நேர்ப்பேச்சு முதலிடத்தையும், தொலைபேசி அடுத்த இடத்தையும், கடிதமும் சுற்றறிக்கையும் கீழிடங்களையும் பெற்றன. மின்னஞ்சல் தொலைபேசிக்கும் கடிதத்துக்கும் இடையில் வைக்கப்பட்டது பின்னரே.

இக்கோட்பாட்டில் உண்மை இல்லை எனக் கூறுதல் இயலாது. எழுத்தில் தொனி மறைவது நாம் எண்ணுவதிலும் அதிகம். ஜஸ்ரின் குறூகரும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட பரிசோதனைகள் இதற்குச் சான்று. ஒரு கூற்று கிண்டலா, மெய்யா என்பதைக் குரலிற் கேட்டோர் நான்கில் மூன்று பங்களவிற் சரியாகக் கண்டனர். மின்னஞ்சலிற் படித்தோரோ பாதியைச் சற்றே கடந்தனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதிலும் அது பெரிதும் மேலானதன்று. ஆயினும் எழுதியோர், தம் தொனி குரலிற் புலப்படும் அளவுக்கே எழுத்திலும் புலப்படும் என நம்பினர். தம் சொற்களைத் தம் குரலிலேயே மனத்துட் கேட்டுக்கொண்டு எழுதுவதே இம்மயக்கத்தின் காரணம்.

எனினும், செழுமை என்பது ஊடகத்தின் இயல்பு எனக் கொள்ளுமிடத்தே கோட்பாடு தடுமாறுகின்றது. இரு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்குவோம். 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் றேடியோஷாக் நிறுவனம் தனது தலைமையகத்தில் ஏறத்தாழ 400 பேருக்கு வேலை நீக்கத்தை மின்னஞ்சலில் அறிவித்தது. நேரிற் சொல்வதைவிட இது விரைவானது, அந்தரங்கத்தையும் காப்பது என நிறுவனம் வாதிட்டது; எங்கும் கண்டனமே எழுந்தது. இது கோட்பாட்டுக்கு இசைவான எடுத்துக்காட்டு. ஆனால் 2021 டிசெம்பரில் பெற்றர் என்னும் வீட்டுக்கடன் நிறுவனத்தின் தலைவர், ஏறத்தாழ 900 பேரைக் காணொளிக் கூட்டமொன்றுக்கு அழைத்து, மூன்று நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் அவர்தம் வேலை முடிவுற்றதாகக் கூறினார். முகம் தெரிந்தது, குரல் கேட்டது, பட்டியலின்படி இது தொலைபேசியினும் செழுமையான ஊடகம். ஆயினும் கண்டனம் குறையவில்லை; தெரிவித்த முறைக்காகப் பின்னர் அவர் மன்னிப்புக் கோரவும் நேர்ந்தது.

இரண்டுக்கும் பொதுவான குறை யாது? கேட்டவர் மறுமொழி கூற இடமிருக்கவில்லை என்பதே. 900 பேரை ஒருங்கே நோக்கிப் பேசுகையில் தனியொருவரை நோக்கும் தன்மையும் அற்றுப்போகின்றது. எனவே நான்கு அளவுகோல்களுள் குரலும் முகமும் இங்கு தீர்மானிப்பன அல்ல. மறுமொழிக்கான இடமே தீர்மானிக்கின்றது. அவ்விடத்தைத் தருவதும் மறுப்பதும் கருவியல்ல, அதனைக் கையாளும் அதிகாரம்.

இவ்வதிகாரம் பற்றிக் கோட்பாடு மௌனம் சாதிப்பது அதன் இரண்டாவது குறைபாடு. தொலைபேசிப் பேச்சு பதிவின்றி மறைவது. மேலாளருக்கு வசதியான அம்மறைவே கீழ்நிலை உத்தியோகத்தருக்குத் தீங்காகலாம். தொல்லைக்குள்ளானவர் முறையிடும்போது செழுமை குறைந்த எழுத்தே அவருக்குக் காப்பு. தமக்கு இரண்டாம் மொழியான ஒன்றிற் பணிபுரிவோருக்கும், உடன் விடைகூற வேண்டாத எழுத்து சிந்திக்க அவகாசம் தருகின்றது. லின் மார்க்கஸ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தின் முகாமையாளர்கள் கோட்பாடு எதிர்பார்த்ததைவிடப் பெரிதும் மின்னஞ்சலையே கையாண்டமை புலப்பட்டது. அங்கு ஊடகத் தெரிவை அதன் செழுமை மட்டுமன்றி, அந்நிறுவனத்தின் வழக்கமும் நிர்ணயித்தது.

ஆகவே, ஒரு செய்திக்கு ஓர் ஊடகம் எனத் தேடாது, செய்தியையே கூறுபடுத்தி நோக்குதல் தகும். ஓர் உத்தியோகத்தர் மூன்று மாதம் உழைத்து ஆக்கிய அறிக்கையைப் பணிப்பாளர் சபையில் வேறொருவர் சமர்ப்பிப்பார் எனப் பிரிவுத் தலைவர் தெரிவிக்க வேண்டியுள்ளது எனக் கொள்வோம். இதில் மூன்று கூறுகள் உள. பேசுவதற்கு நேரம் கேட்டல் ஒன்று. இதற்கு உடனடிச் செய்தி போதும். ஆனால் “பேச வேண்டும்” என்று மட்டும் எழுதினால், பெறுபவர் அதனை அச்சத்தால் நிரப்பிக்கொள்வார். “அறிக்கையைச் சமர்ப்பிப்பது பற்றி இன்று மூன்று மணிக்குப் பின் பேசலாமா?” என எழுதுதல் வேண்டும். முடிவையும் அதன் காரணத்தையும் கூறுதல் இரண்டாவது. இது தம் உழைப்பின் மீதான தீர்ப்பா, நேர நெருக்கடியின் விளைவா என்ற ஐயம் இங்குதான் எழும்; நேரிலோ தொலைபேசியிலோதான் அது தீரும். முடிவை முதலிற் கூறிவிட்டுத் தலைவர் வாய்மூடியிருத்தல் அவசியம். “சரி” என்ற ஒற்றைச் சொல் உடன்பாட்டின் அறிகுறி எனக் கொள்ளலாகாது. எஞ்சியிருக்கும் வினா யாதெனக் கேட்டறிதல் வேண்டும். ஒப்புக்கொண்டவற்றைப் பதிதல் மூன்றாவது. அறிக்கையில் யார் பெயர் இருக்கும், எத்தினத்தில் சமர்ப்பிக்கப்படும் என்பன அன்றே மின்னஞ்சலிற் செல்ல வேண்டும்.

தெரிவு பிழைத்துவிட்டதென்பதை அறியவும் வழியுண்டு. ஒரே விடயம் பற்றி மின்னஞ்சல்கள் மீண்டும் மீண்டும் சென்றுவர, ஒவ்வொன்றும் முந்தியதிலும் நீண்டு, பிரதி பெறுவோர் பட்டியலில் புதுப் பெயர்கள் சேருமாயின், அங்கு குறைவது தகவலன்று. இருவரும் பேச வேண்டிய வேளை அது. மாறாக, தொலைபேசியில் இணங்கியதாக எண்ணிய இருவர் மறுவாரம் இருவேறு முடிவுகளைக் கூறுவராயின், அங்கு எழுத்து குறைந்துள்ளது.

டவ்ற், லெங்கல் இருவரும் தகவல் போதாமையையும் பொருள் மயக்கத்தையும் பிரித்துக் காட்டியமை நிலைத்த பயனுடையது. அவர்தம் தரவரிசையோ அத்தகையதன்று. ஊடகத்தின் செழுமையை அளப்பதற்கு முன், செய்தியைப் பெறுபவருக்குப் பேச இடமுண்டா, பின்னர் காட்டுவதற்கு அவர் கையில் ஏதேனும் எஞ்சுமா என்ற இரு வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். இவ்விரண்டுக்கும் விடையளிக்காதவரை இக்கோட்பாடு, செய்தியை அனுப்புபவரின் நிலைநின்று எழுதப்பட்ட ஒன்றாகவே அமையும்.