முதலில் வாங்கியதே முதலில் போக வேண்டுமா?

வளைகுடாத் தமிழர்களுக்கான முதலீட்டுக் கூட்டங்களில் ஒரு சமாதானம் தவறாமல் வரும். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளைப் பகுதி பகுதியாக விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கணக்கிடுவது நமக்கு நல்லதுதானாம். பழைய யூனிட்டுகள் நீண்டகால ஆதாயத்தில் வரும், வரி விகிதம் குறையும் என்கிறார்கள்.

ஓரளவு உண்மைதான். ஈக்விட்டி ஃபண்டில் ஓராண்டைத் தாண்டினால் வரி 12.5 சதவீதம், தாண்டாவிட்டால் 20. கணக்கும் எளிது, யாரும் தேதியை மாற்றி ஏமாற்ற முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவருக்கு வரி ஒப்பந்தமும் உண்டு. ஃபண்ட் யூனிட் பங்கு அல்ல, அதன் ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்று கொச்சி வருமான வரித் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. வசிப்பிடச் சான்றிதழோடு அந்த வழியில் போகிறவருக்கு எந்த யூனிட் முதலில் போனால் என்ன?

பஹ்ரைனுக்கு அப்படி ஓர் இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. மனாமாவில் வேலை பார்க்கும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஓர் ஈக்விட்டி ஃபண்டில் 2019இல் 50 ரூபாய்க்கு 5,000 யூனிட், 2024 ஜனவரியில் 90 ரூபாய்க்கு 5,000 யூனிட் வாங்கினார். 2025 ஜூலையில் விலை 100. வீடு கட்ட 5 லட்சம் வேண்டும், பாதியை விற்கிறார். விதிப்படி 2019 யூனிட்டுகள் போகின்றன. ஆதாயம் 2.5 லட்சம். 1.25 லட்சம் விலக்கு போக மீதிக்கு வரி 15,625 ரூபாய், செஸ் தனி. 2024 யூனிட்டுகளை விற்க விட்டிருந்தால் ஆதாயம் 50,000, வரியே இல்லை.

"இன்று கட்டாததை நாளை கட்டத்தானே வேண்டும்" என்பார்கள். இங்கேதான் அந்தச் சமாதானம் உடைகிறது. வேறு வருமானம் இல்லாமல் ஊர் திரும்பியவர், உள்நாட்டுவாசி என்ற முறையில், அடிப்படை வருமான விலக்கில் மீதமுள்ளதை இந்த ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும்வரை அந்த உரிமை இல்லை. அதாவது பெரிய ஆதாயத்தை ஊர் திரும்பும்வரை தள்ளிவைத்திருந்தால் அந்த 15,625 கட்டவே வேண்டியிருக்காது. தள்ளிவைக்க விதி விடாது.

அந்த விதிக்கும் ஒரு கள்ள வாசல் இருக்கிறது. வரிசை ஒவ்வொரு ஃபோலியோவுக்கும் தனித்தனி. 2024இல் அதே ஃபண்டைப் புது ஃபோலியோவில் வாங்கியிருந்தால், அந்த ஃபோலியோவிலிருந்து விற்று வரியே இல்லாமல் தப்பியிருப்பார். அதே ஆள், அதே பணம், அதே ஃபண்ட். எதை விற்கிறோம் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் கொள்கை என்றால் இது எப்படிச் சரி? விவரம் தெரிந்தவருக்குத் தேர்வு இருக்கிறது, ஏஜென்ட் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 45(2ஏ) பிரிவு இந்த வரிசையை விதித்ததும் டீமேட் கணக்குகளுக்குத்தான்.

அமெரிக்காவில் எந்த யூனிட்டை விற்கிறோம் என்று முதலீட்டாளரே குறிப்பிடலாம். பிரிட்டனில் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி விலை போடுகிறார்கள். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நம்முடையதைவிட நியாயம். சட்டம் மாறும்வரை, வளைகுடாவிலிருந்து புதிதாக முதலீடு செய்கிறவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது ஃபோலியோ கேட்டு வாங்குங்கள்.