ஒரு பேச்சில் தீராத காதல்

எசனில் எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் நல்ல வாசகர். அரசியல் நூல்கள், சிறுபத்திரிகைகள், மொழிபெயர்ப்புகள் என்று தேடித் தேடிப் படிப்பவர். அவரிடம் காதல் நாவல் என்று வாய் திறந்தால் முகம் மாறிவிடும். "அழுது, கோபித்து, கடைசியில் கலியாணத்தில் முடிகிற சரக்கு. அதில் என்ன கனதி இருக்கப்போகிறது?" என்பார். அவருடைய வீட்டுத் தட்டிலேயே ரமணிசந்திரனின் நாவல்கள் ஒரு வரிசை நிற்கின்றன. அவை மனைவியினுடையவை. போன மாதம் அவற்றைக் கைகாட்டி இதே வசனத்தை அவர் சொன்னபோது மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ அன்று பின்னேரம் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நண்பர் சொல்வதில் பாதி சரி. நாம் கண்டுவரும் காதல் நாவல்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. செல்வந்தனான, கொஞ்சம் திமிர் பிடித்த ஒருவன், மானமுள்ள ஒருத்தி, இடையில் ஒரு சந்தேகம். அவளைப் பற்றி யாரோ தவறாகச் சொல்லிவிடுகிறார்கள், அவன் நம்பிவிடுகிறான். இருநூறு பக்கம் கழித்து உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்கிறான். இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இங்கே ரயில் நிலையத்துப் பத்திரிகைக் கடையில் மெல்லிய தாளில் அடுக்கிவைத்திருக்கிற ஜேர்மன் கதைப்புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், வைத்தியர்களும் கோமகன்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அந்த வகையின் தாய் என்று சொல்லத்தக்க ஹெட்விக் கூர்ட்ஸ்-மாலர் (1867-1950) இருநூறுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார். இளமையில் வீட்டு வேலைக்காரியாகவும் கடையில் விற்பனைப் பெண்ணாகவும் இருந்தவர். ஏழைப் பெண் சீமாட்டியாகிற கதையை அவர் திரும்பத் திரும்ப எழுதியதும், வேலைக்காரிகளும் கடைப்பெண்களும் அதைத் திரும்பத் திரும்ப வாசித்ததும் புத்திக்குறைவினால் அல்ல. பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, அவமதித்தவன் கடைசிப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பான் என்ற உத்தரவாதம் பெரிய விஷயம். மன்னிப்பு என்பது கதையில் மட்டும் கிடைக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. ஆனால் உத்தரவாதம் வேறு, ஆழம் வேறு. அதை நான் நண்பரோடு சேர்ந்தே ஒத்துக்கொள்கிறேன்.

ஆழமில்லாத காதல் நாவலைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கிற பரீட்சை எளிது. நடுப்பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த இருவரும் கால்மணி நேரம் ஒளிவுமறைவின்றிக் கதைத்தால் கதை முடிந்துவிடுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். முடிந்துவிடும் என்றால், அவர்களைப் பிரித்துவைத்திருப்பது வாழ்க்கையல்ல, ஆசிரியர்தான். மறைத்துவைத்த கடிதமும், தப்பாகக் கேட்ட பேச்சும், சொல்லவந்து சொல்லாமல் போன வார்த்தையும் எல்லாம் பக்கத்தை நிரப்புகிற வேலைகள். கனதியுள்ள காதல் நாவலில் அவர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்திருப்பார்கள். பேசிய பிறகும் தடை அப்படியே நிற்கும்.

இதற்கு நம் மொழியிலேயே உள்ள நல்ல உதாரணம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இதைச் சொன்னவுடன் நண்பர், "அது இலக்கியம், காதல் நாவல் இல்லை" என்பார் என்று எனக்குத் தெரியும். காதல் நாவல்களில் நல்லதாக ஒன்று அகப்பட்டால் அதற்கு இலக்கியம் என்று பெயர் சூட்டி வேறு தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் காட்டிப் பாருங்கள் எல்லாமே மட்டம் என்பது நியாயமான வாதமல்ல. 'மோகமுள்' ஒரு காதல் நாவல். 1950களில் 'சுதேசமித்திரன்' வாசகர்களுக்காக வாரா வாரம் வந்த தொடர்கதை. ஒருவன் ஒருத்தியை விரும்புகிறான், அவள் மறுக்கிறாள், ஆண்டுகள் கழிகின்றன, அவள் வருகிறாள். எலும்புக்கூடு இவ்வளவுதான்.

பாபு கும்பகோணத்தில் படிக்க வந்தவன். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய தந்தை பிராமணர், தாய் பார்வதி மராட்டிய வழிவந்தவள், அவருக்கு இரண்டாந்தாரம். அழகும் அறிவும் இருந்தும், பெண் பார்க்க வருகிறவர்கள் தாயின் கதை தெரிந்ததும் போய்விடுகிறார்கள். தந்தை இறந்தபின் வீட்டில் வறுமை நுழைகிறது. செல்வந்தன் ஒருவன் அவளை வைத்துக்கொள்ள வருகிறான், தாயே அதற்கு இசைகிறாள், யமுனா மறுக்கிறாள். இத்தனைக்கும் பக்கத்தில் நிற்பவன் பாபு. அவன் தன் மனதில் உள்ளதை அவளிடம் சொல்லியும்விடுகிறான். அவள் ஏற்கவில்லை.

என்னுடைய பரீட்சை இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. இருவருக்கும் இடையில் எந்த ரகசியமும் இல்லை. அவன் விரும்புவது அவளுக்குத் தெரியும், அவள் மறுத்ததற்குரிய காரணங்கள் அவனுக்குத் தெரியும். வயது, பிறப்பு, ஊர் வாய், சிறுபிள்ளையாகப் பார்த்துப் பழகிய ஒருவனை வேறு கண்ணால் பார்க்க முடியாத தயக்கம் ஆகிய எதுவும் ஒரு கடிதத்தால் தீராது. ஆகவே ஆசிரியருக்கு வில்லன் தேவைப்படவில்லை. காலம் மட்டும் தேவைப்படுகிறது. அதனால்தான் அந்த நாவல் அவ்வளவு நீளம். அவசரக்கார வாசகர் சலித்துக்கொள்கிற அந்த நீளத்தில்தான் யமுனாவின் அழகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதையும், பாபுவின் விருப்பம் குறையாமல் வடிவம் மாறுவதையும் நாம் உணர்கிறோம். இருபது பக்கத்தில் "ஆண்டுகள் உருண்டோடின" என்று எழுதியிருந்தால் அது நம் உடம்பில் ஏறியிராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வழமையான காதல் கதையில் காதலன் தூய்மையானவன். பாபு அப்படியல்ல. பக்கத்து வீட்டில் கிழவனுக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மா ஓரிரவு அவனிடம் வருகிறாள். அவன் விலக்கவில்லை. பிறகு யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாகத் தவிக்கிறான். ஏற்காத ஒருத்திக்கு எப்படித் துரோகம் செய்யமுடியும் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியின் அசட்டுத்தனமும் நியாயமும் சேர்ந்ததுதான் பாபு. தங்கம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். இங்கே எனக்கு ஜானகிராமனில் ஒரு குறை உண்டு. தங்கம்மாவின் சாவு பாபுவின் மனச்சாட்சியை உரசும் கல்லாகத்தான் பயன்படுகிறது. அவளுக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. கிழவனோடு அடைபட்ட அந்தப் பெண்ணின் காதல் மோகத்தைவிடப் பரிதாபமானது. ஆசிரியரின் அனுதாபம் அவளைத் தொட்டுவிட்டு, யமுனாவின் காலடிக்கே திரும்பிவிடுகிறது.

வழமையான கதை முடிகிற இடத்தில் ஜானகிராமன் முடிக்கவில்லை. சென்னையில் வறுமையால் நைந்துபோய் வந்த யமுனாவுக்குப் பாபு உதவுகிறான். பின்பு அவளாகவே தன்னை அவனிடம் கொடுக்கிறாள். அது காதலா, நன்றியா, இரக்கமா, தனிமையின் களைப்பா என்று ஆசிரியர் பிரித்துச் சொல்லவில்லை. சொல்லாதது சரி, அவளுக்கே பிரித்துத் தெரிந்திராது. அதன்பின் அவள், இத்தனை ஆண்டுகளாக நீ தவித்ததெல்லாம் இதற்குத்தானா என்ற பொருளில் அவனைக் கேட்கிற கேள்வி தமிழ் வாசகர்களிடையே பிரசித்தமானது. அதைக் குத்தலாக வாசிப்பவர்கள் உண்டு. ஞான ராஜசேகரனின் 1995ஆம் ஆண்டுப் படம் வந்தபோது பார்த்தவர்களும் அந்த ஒரு கேள்வியையே அதிகம் நினைவுவைத்திருக்கிறார்கள். நான் அதைக் குத்தலாக எடுக்கவில்லை. தன்னைத் தெய்வமாக்கி வைத்திருந்தவனிடம், நான் ஒரு மனுஷி என்று அவள் சொல்லிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு அவனைச் சங்கீதத்தின் பக்கம் தள்ளிவிடுகிறவளும் அவள்தான். குரு ரங்கண்ணாவிடம் தொடங்கி இடையில் தேங்கிக் கிடந்த வித்தைக்காக, குரலைப் பண்படுத்த அவன் வடக்கே போகிறான். கிடைத்தபின் என்ன என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற காதல் நாவல்கள் உலகத்திலேயே குறைவு.

ஆயினும் நாவல் முழுவதையும் நாம் பாபுவின் கண்ணாலேயே பார்க்கிறோம். யமுனா மறுத்த இரவுகளில் என்ன நினைத்தாள் என்பது நமக்குத் தெரியாது. அந்த மறுபக்கம் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது ஜேன் ஒஸ்ரினின் 'பேர்சுவேசன்'. 1817 யூலையில் அவர் இறந்தபின் அந்த ஆண்டு முடிவில் வெளிவந்தது. ஜேர்மனில் 'யூபர்றேடுங்' என்ற பெயரில் கிடைக்கிறது. எனக்கு அகராதியும் கையுமாக இரண்டு மாதம் பிடித்தது.

ஆன் எலியட் பத்தொன்பது வயதில் வென்ற்வேர்த் என்ற கடற்படை அதிகாரியை விரும்பினாள். அவனிடம் காசும் இல்லை, குடும்பப் பெருமையும் இல்லை. தாயில்லாத அவளுக்குத் தாயைப்போலிருந்த றஸ்ஸல் சீமாட்டி, இது வேண்டாம் என்று புத்தி சொன்னாள். ஆன் விட்டுவிட்டாள். எட்டு வருடத்தில் அவன் இருபத்தையாயிரம் பவுண் சம்பாதித்துக்கொண்டு வருகிறான். அவள் இருபத்தேழு வயதில் வாடிப்போயிருக்கிறாள். நம் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உத்தியோகம் இல்லை, வதிவிட அனுமதி இல்லை, ஏஜென்சிக்கடன் இருக்கிறது என்று மறுக்கப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! மறுத்த வீட்டிலேயே பத்து வருடம் கழித்து வெளிநாட்டு மாப்பிள்ளையாகத் தேநீர் குடித்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாவலில் ஓரிடம். ஆன் ஒரு நோயாளிப் பிள்ளையைப் பார்த்தபடி முழங்காலில் இருக்கிறாள். அவனுடைய தம்பி, இரண்டு வயதுக் குழப்படிக்காரன், அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறான். அறையில் வென்ற்வேர்த்தும் இருக்கிறான், இருவருக்கும் பேச்சு இல்லை. திடீரென்று முதுகுப் பாரம் குறைகிறது. யாரோ பிள்ளையின் கைகளைப் பிரித்துத் தூக்கிவிட்டார்கள். தூக்கியவன் யார் என்று உணர்ந்தபோது அவளால் நன்றி சொல்லவும் முடியவில்லை. அவனும் நன்றி சொல்லவிடாமல் பிள்ளையோடு சத்தம்போட்டு விளையாடத் தொடங்குகிறான். ஒரு தொடுகை இல்லை, ஒரு வசனம் இல்லை. இன்னும் கோபம் தீராத ஒருவன், அவளுடைய சிரமத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவனாக இருக்கிறான் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது. நண்பர் இந்த ஒரு பக்கத்தை வாசித்தால் போதும்.

இதுவும் கலியாணத்தில்தான் முடிகிறது. ஆனால் முடிவுக்கு முன்னர் ஆன் ஒன்று சொல்கிறாள். தனக்குத் தரப்பட்ட புத்திமதி பிழையாக இருந்திருக்கலாம், தன் நிலையிலிருக்கும் ஒருத்திக்குத் தான் அதைச் சொல்லமாட்டாள், என்றாலும் அன்று கேட்டு நடந்தது சரி, கேட்காமலிருந்தால் மனம் இன்னும் துன்பப்பட்டிருக்கும் என்கிறாள். மலிவான கதையில் றஸ்ஸல் சீமாட்டி சூழ்ச்சிக்காரியாக்கப்பட்டுக் கடைசியில் அவமானப்பட்டிருப்பாள். இங்கே அவள் நேசமுள்ளவள், பிழை விட்டவள், இரண்டும்தான். அந்த எட்டு வருடத்தைத் திருப்பித் தர எவராலும் முடியாது, அதற்காக எவரையும் தண்டிக்கவும் முடியாது. வென்ற்வேர்த் தன் பங்குக்கு, இரண்டாம் வருடமே கையில் கொஞ்சம் காசு வந்தபோது எழுதியிருக்கலாமே, மானம்தான் எழுதவிடவில்லை என்று ஒத்துக்கொள்கிறான். எழுதியிருந்தால் அப்போது சம்மதித்திருப்பாயா என்று அவன் கேட்கிறான். அவள் சொல்கிற பதில் மிகச் சிறியது, ஆம் என்பதுதான் அதன் பொருள். ஆறு வருடம் அந்தப் பதிலில் கிடக்கிறது.