திரையெழுத்தின் பணி

விவரணப் படங்களிற் பலவற்றில் ஒரு வழக்கம் காணப்படுகின்றது. குரல் கூறுஞ் சொற்களையே எழுத்தும் திரையிற் கூறிச் செல்லும். இது பார்ப்போர்க்கு உதவும் என்பது எடுப்போரின் எண்ணம். ஆனால் குரல் செவி வழியே செல்ல, எழுத்தோ படம் செல்லும் கண்வழியையே நாடுகின்றது. எழுத்தைப் படிக்குங் கண் அந்நேரத்திற் படத்தைக் காண்பதில்லை. படமுங் குரலும் மட்டும் கொண்ட பாடத்தைவிட, அக்குரலையே எழுத்திலும் ஓடவிட்ட பாடம் குறைவாகவே மனத்திற் பதிகின்றதென அமெரிக்க உளவியலறிஞர் றிச்சட் மேயரும் பிறரும் சோதனைகளிற் கண்டனர். ஆதலின், திரையில் எழுத்து வருமாயின் குரல் தராத ஒன்றை அது தரவேண்டும்.

இதற்குச் சிறந்த சான்று நம் நாட்டைப் பற்றிய படமொன்றிலேயே உண்டு. பசில் றைட் இயக்கி 1934இல் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' தேயிலைப் பிரசார சபையின் ஆதரவிற் பிறந்தது. அதில் லயனல் வென்டின் குரல் வாசிப்பது றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. படம் நான்கு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு தலைப்பு எழுத்தில் வரும். மூன்றாம் பகுதியின் தலைப்பு 'வாணிபத்தின் குரல்கள்' என்பது. அங்கே உழைப்போரின் காட்சிகள் மேல் சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் பல குரல்களில் ஒலிக்கின்றன. அவ்விலைகள் திரையில் எழுதப்படவில்லை. எழுதியிருப்பின் நம் கண் இலக்கங்களிற் சிக்கி, உழைக்குங் கைகளை இழந்திருக்கும். இக்குரல்கள் யாருடையவை என்பதை மட்டும் தலைப்பு முன்கூட்டியே உணர்த்தி விலகிக் கொள்கின்றது.

எனினும் ஒரு குறையை இங்குச் சுட்டாதிருத்தல் இயலாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தோட்டத்தார், அவர்தம் முன்னோர் எங்கிருந்து வந்தோர் என்பதைக் குரலும் கூறவில்லை, எழுத்துங் கூறவில்லை. விலை பேசுவோர்க்குக் குரல் உண்டு; பறிப்போர்க்கு ஊரும் பெயருமில்லை. ஒரே ஒரு வரி அக்குறையைத் தீர்த்திருக்கும்.

அவ்வரியை எவ்வாறு தேர்வது? ஊவாத் தோட்டங்களைப் பற்றி நம் மாணவர் ஒரு குறும்படம் எடுப்பதாகக் கொள்வோம். பதுளைப் புகையிரத நிலையம் திரையில் தோன்றுகின்றது. தோட்டத்து மூதாட்டி ஒருவரின் குரல் கேட்கின்றது: "ரயிலு பொறப்படவும் எங்க ஆளுக எல்லாம் அழுதாங்க." இவ்வாக்கியத்தையே அடியில் எழுதினால் பயன் யாது? அழுகை அவர் குரலிலேயே உள்ளது. குரலில் இல்லாதவை மூன்று: எப்போது, எங்கே சென்றனர், ஏன் சென்றனர் என்பன. 'பதுளையிலிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம்' என்ற வரி இடத்தைத் தரும். '1964 ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை' என்ற வரி காரணத்தைத் தரும். ஒரு குடும்பத்தின் பிரிவு பல இலட்சம் பேரின் பிரிவாக விரிவது அவ்வரியாலேயாம்.

ஆயினும் புதிய செய்தி என்பதனால் மட்டும் எவ்விடத்தும் அதனை வைத்தல் ஆகாது. மூதாட்டி பேசிக்கொண்டிருக்கையில் இலக்கங்கள் தோன்றுமாயின், செவியில் ஒரு வாக்கியமும் கண்ணில் வேறொரு வாக்கியமும் மோதி இரண்டுங் கெடும். ஊரும் ஆண்டும் போன்ற இரண்டொரு சொற்கள் பேச்சினிடையே வரலாம். ஒப்பந்த வரியோ அவர் பேச்சை நிறுத்திய பின், வெறுந் தண்டவாளம் தெரியும் அமைதியான காட்சியில் வரவேண்டும். நிதானமாக இருமுறை படிக்கும் நேரம் அது நிற்கவேண்டும்.

குரலை எழுத்தும் கூறவேண்டிய இடங்களும் உள. செவிப்புலன் குறைந்தோர்க்கு வசனம் முழுவதும் எழுத்தில் வேண்டும். தமிழறியாத பார்வையாளர்க்குச் சிங்கள மொழிபெயர்ப்பு வேண்டும். அது அவர்க்குப் புதிய செய்தியே. காதிற் பிடிபடாத ஆட்பெயரையும் இடப்பெயரையும் எழுதிக் காட்டல் நன்று.

மற்ற இடங்களுக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. திரையின் எழுத்தை ஒரு தாளால் மறைத்துப் படத்தைப் பார்க்க. எதுவும் குறையவில்லையாயின், அவ்வெழுத்தை நீக்குக. 'இவர்கள் எங்கே போயினர், ஏன் போயினர்?' என்று பார்ப்பவன் கேட்பானாயின், அவ்வெழுத்து தன் பணியைச் செய்கின்றது.