ம் கொட்டும் இடம்

"ஏழு நிமிடம், பதினொரு நொடி." அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜின் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு அந்த இளைஞர் பேசாமல் நின்றார். சேலத்தில் ஒரு மாடி அறையில் நகைச்சுவைத் தனிப்பேச்சு. நாற்பது நாற்காலி இருக்கும். அந்த எண்ணுக்கே எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அவர் ராசிபுரம் பக்கத்துக்காரர். வேலை சென்னையில். மேடையில் அவருக்கு எட்டு நிமிடம்தான். ஏழு நிமிடச் செய்தியை அப்படியே நடித்துக் காட்டினால் ஜனம் எழுந்து போய்விடும். ஒரேயடியாகச் சுருக்கினாலோ அது அம்மாவின் செய்தியாக இருக்காது. நீளத்தைக் குறைந்த நேரத்தில் உணரவைக்க வேண்டும். இந்தத் தனிப்பேச்சின் வித்தை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அவர் அதைப் பொய் முடிவுகளால் சாதித்தார். "கண்ணு, ஒன்னுமில்ல, சும்மாதான் பேசறேன்" என்று அம்மா தொடங்குகிறார். பெரியம்மா ஊட்டுக்கு ஒறம்பரை வந்த சேதி. "சரி சாமி, வெச்சுடறேன்." ஒரு மூச்சு. உடனே, முட்டை விலை ஏறிய கதை. "சரி சாமி, வெச்சுடறேன்." மறுபடி மூச்சு. பக்கத்துக் காட்டில் போர் போட திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது, எத்தனை அடியில் ஈரம் கண்டது. மூன்றாவது தடவை அந்த வாக்கியத்தை அறையே சேர்ந்து சொன்னது. நான்காவது தடவை அவர் சொல்லவே இல்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். அன்றைய பெரிய சிரிப்பு அந்த மூச்சுக்குத்தான். மொத்தம் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். நாங்கள் ஏழு நிமிடத்தையும் கேட்டுவிட்டோம்.

இதே பேச்சைச் சென்னையில் நிகழ்த்தினால் 'ஒறம்பரை' என்ற சொல்லுக்கே பாதிப் பேர் சிரிப்பார்கள். அது வட்டாரப் பேச்சு தரும் இலவசச் சிரிப்பு. சேலத்தில் அது கிடைக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலும் அதே சொல்தான். அதனால் இங்கே சிரிப்பு வருகிறது என்றால், அது அம்மாவின் பேச்சுமொழியைப் பார்த்து வந்ததல்ல. அவர் பேச்சு போகிற வழியைப் பார்த்து வந்தது. அம்மாவைப் பற்றிய நகைச்சுவை கேலியா இல்லையா என்று கண்டுகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பகுதி மகனுடையது. 2021இல் வாட்ஸ்அப் இரட்டை வேகத்தைக் கொண்டுவந்தது. அன்று முதல் அவர் அம்மாவை அந்த வேகத்தில்தான் கேட்கிறாராம். இரட்டை வேக அம்மாவை அவர் நடித்தபோது கைகள் ஆடவே இல்லை. உதடு மட்டும் பறந்தது. அந்த வேகத்தில்தான் ஒரு வரி நழுவிப்போனது. முட்டை விலைக்கும் ரிக் வண்டிக்கும் நடுவில் அம்மா சொல்லியிருந்தது: "அப்பாவுக்கு நேத்து காச்சலு, இப்பப் பரவால்ல." கெட்ட சேதியை நல்ல சேதிகளுக்கு நடுவே பொதிந்து அனுப்புவது அம்மாக்களின் வழக்கம். பிள்ளை பதறக் கூடாது, தெரியாமலும் இருக்கக் கூடாது. நீளம் அதற்காகத்தான்.

இரண்டு நாள் கழித்து விஷயம் தெரிந்து, அதே செய்தியைச் சாதாரண வேகத்தில் போட்டாராம். அப்போதுதான் இடைவெளிகள் கேட்டன. ஒவ்வொரு சேதிக்குப் பிறகும் அம்மா ஒரு நொடி நிறுத்துகிறார். யோசிப்பதற்காக அல்ல. எதிரில் மகன் உட்கார்ந்திருப்பதுபோல, அவன் 'ம்' கொட்டுவதற்காக.

கதை சொல்பவருக்கு 'ம்' வேண்டும். வில்லுப்பாட்டில் சுப்பு ஆறுமுகத்துக்குப் பக்கத்தில் 'ஆமா' போட ஆள் இருந்தார். கொங்கு நாட்டு உடுக்கடிப் பாட்டிலும் தனியாகக் கதை நகராது. 1965இல் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்த அண்ணன்மார் கதையில் தலைமைப் பாடகருக்குத் துணைப்பாடகர் ஒருவர் உண்டு. பதில் வராத ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசும் அம்மா, துணைப்பாடகருக்கான இடத்தைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறார்.

இதை அந்த இளைஞர் விளக்கவில்லை. குரலும் தழுதழுக்கவில்லை. தொடக்கத்தில் நடித்த அதே ஒறம்பரை, முட்டை, ரிக் வண்டியை மறுபடி எடுத்தார். சொற்கள் ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையைக் கொஞ்சம் திருப்பி, மகனாக 'ம்' என்றார். முதல் தடவை சிரிப்பாக இருந்த அதே இடைவெளிகள் இப்போது நிரம்பின. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் வாய் திறக்கவில்லை. அறையிலிருந்து யாரோ மெதுவாக 'ம்' என்றார்கள்.

"சரி சாமி, வெச்சுடறேன்" என்றார் அவர், அம்மாவாக.

"இன்னும் கொஞ்சம் பேசும்மா" என்றார், மகனாக. விளக்கு அணைந்தது.