பட்டம் அறியாதவரை விளித்தல்

தமிழ்நாட்டில், எதிரில் இருப்பவர் மருத்துவரா, பேராசிரியரா, அதிகாரியா என்று புலப்படாதபோது ‘சார்’ என்று விளிப்பதே பெருவழக்காக உள்ளது. இவ்விளி எந்தப் படிப்பையும் பதவியையும் ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லாததால், ஊகம் தவறிப்போக இதில் இடமில்லை. அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைத் துறையின் இணைப் பேராசிரியர் வார்டில் மருத்துவராகவும், வகுப்பில் ஆசிரியராகவும், சம்பளப் பட்டியலில் அரசு அலுவலராகவும் இருப்பவர். இம்மூன்றில் எதை அறிந்து வந்தவரும் அவரைச் ‘சார்’ என்றால் குறையொன்றும் நேர்வதில்லை.

மாறாக, மரியாதை கூட்டும் எண்ணத்தில் பட்டத்தை ஊகித்துச் சூட்டுவது சங்கடத்தில் முடிகிறது. கலைக் கல்லூரி ஆசிரியர் அனைவரையும் ‘முனைவர்’, அதாவது ஆய்வுப் பட்டம் பெற்றவர், என்று அழைப்பிதழில் அச்சிடுவோர் உண்டு. ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையுடன் நெட் அல்லது செட் எனப்படும் தகுதித் தேர்வில் தேர்ச்சியே போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் விதி திருத்தியிருக்கிறது. ஆகவே முனைவர் பட்டம் இல்லாத ஆசிரியர், மேடையிலேயே பிழையைத் திருத்த வேண்டும், அல்லது பெறாத பட்டத்தைச் சுமந்தபடி அமர்ந்திருக்க வேண்டும். ‘பேராசிரியர்’ என்பதில் இந்த இடர் குறைவு. பணிநிலையில் அது மேல்படியைக் குறித்தாலும், கல்லூரியில் கற்பிப்போர் எவரையும் அப்படி அழைப்பதைப் பொதுவழக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது.

‘சார்’ வழக்கின் உண்மையான குறை, அதன் நடுநிலை ஆண்களோடு நின்றுவிடுவதுதான். மருத்துவமனை வார்டில் நுழையும் ஆண், செவிலியராகவே இருந்தாலும், ‘சார்’ என்றோ ‘டாக்டர்’ என்றோ விளிக்கப்படுகிறார். அதே வார்டில் சுற்றுக்கு வரும் பெண் மருத்துவர், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கினாலும், ‘சிஸ்டர்’ ஆகிவிடுகிறார். ‘சிஸ்டர்’ என்பது செவிலியருக்கு மரியாதையான விளியே என்றாலும், இங்கே அது பார்த்த மாத்திரத்தில் தொழிலைத் தீர்மானித்துவிடுகிறது. அடையாள அட்டையைப் படிக்க இயலாத நிலையில் ‘மேடம்’ அல்லது ‘அம்மா’ என்பது இருவருக்கும் பொருந்தும். கிராமத்து முதியவர்கள் ‘அம்மா’ என்று தொடங்குவது, அவர்களை அறியாமலேயே, நகரவாசிகளின் ஊகத்தைவிடச் செம்மையாக அமைந்துவிடுகிறது.

எழுத்தில் ‘சார்’ உதவாது. தலைப்பெழுத்தோடு நிற்கும் பல பெயர்களில் ஆணா பெண்ணா என்பதே தெரிவதில்லை. அரசு அலுவலகங்களுக்கு எழுதும் விண்ணப்பத்தில், பெறுநர் பகுதியில் பதவியை மட்டும் குறித்து ‘அவர்கள்’ சேர்த்து, ‘ஐயா / அம்மையீர்’ என்று தொடங்கும் மரபு இச்சிக்கலைத் தீர்க்கிறது. இடமாற்றத்தில் ஆள் மாறினாலும் மனு உரிய மேசைக்கே போய்ச் சேரும். ஆயினும் ஒரே துறையில் பல இணைப் பேராசிரியர்கள் இருக்கையில் பதவிப்பெயர் மட்டும் ஒருவரைச் சுட்டாது. விழா அழைப்பிதழிலோ பெயர் இல்லாமல் முடியாது. அங்கே, அச்சுக்குக் கொடுக்கும் முன் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பட்டத்தைக் கேட்டறிவதைத் தவிர வேறு வழியில்லை.