காற்றைக் குளிர்விக்காத கல் சல்லடை

ஜெய்ப்பூர் ஹவா மஹாலைச் சுற்றிப் பார்ப்பவர்கள் ஒரு விஞ்ஞானக் கதையைக் கேட்காமல் திரும்புவது அரிது. ஜாலி என்னும் கல் சல்லடையின் சின்னத் துளைகளுக்குள் காற்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது, வேகம் கூடுகிறது, அதனால் குளிர்ந்துவிடுகிறது என்பது கதை. முதல் பாதியில் உண்மை உண்டு. குறுகிய வழியில் காற்றின் வேகம் கூடத்தான் செய்யும். ஆனால் விநாடிக்கு 5 மீட்டர் வேகம் பிடித்தாலும் அதில் குறையும் வெப்பம் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான். எந்த உடம்புக்கும் அது தெரியாது.

அப்படியானால் ஜன்னலோரம் நிற்பவருக்குச் சில்லென்று இருப்பது ஏன்? வேகமான காற்று வியர்வையை உலர்த்துவதால். குளிர்வது தோல்; காற்று வந்த சூட்டோடேயே இருக்கிறது. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும், ஆனால் ஜாலியின் பலமும் பலவீனமும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

ஜாலி உண்மையில் கெட்டிக்காரத்தனம் காட்டுவது வெயிலிடம்தான். 5 சென்டிமீட்டர் கனமுள்ள கல்லில் 5 சென்டிமீட்டர் உயரத் துளை ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். எதிரே நிற்கும் சூரியன் 45 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால், கதிர் துளையின் அடிப்பக்கத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிடும். உள்ளே வருவது கல்லில் பட்டுத் தெறித்த வெளிச்சம் மட்டும். கண் கூசாத அந்த மங்கல் ஒளியின் ரகசியம் இந்தக் கனம்தான். பூவேலைப்பாடு அதற்கு மேல் வந்த அழகு. ஜெய்ப்பூரில் ஜூன் மாத நண்பகல் சூரியன் ஏறக்குறைய 86 டிகிரியில், உச்சந்தலைக்கு நேரே நிற்கும். தெற்குச் சுவரில் அந்தத் துளை இருந்தால் ஒரு கதிர்கூட நுழையாது. டிசம்பரில் சூரியன் 40 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும். அப்போது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கீற்று உள்ளே வரும். குளிர்காலத்தில் யாரும் அதை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஹவா மஹாலின் புகழ்பெற்ற முகப்போ கிழக்கு பார்த்தது. 1799-இல் சவாய் பிரதாப் சிங் கட்டுவித்த அந்த ஐந்தடுக்கில் 953 சிறு ஜன்னல்கள் என்று கணக்குச் சொல்வார்கள். காலைச் சூரியன் கிடைமட்டமாக வரும்போது துளையின் ஆழம் உதவாது. துளைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள கல் எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவுதான் நிழல். வெயிலை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைத்தவர் இந்தத் திசையை எடுத்திருக்க மாட்டார். கிழக்கே கடைத்தெரு இருந்தது. அரண்மனைப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் ஊர்வலம் பார்க்க வேண்டியிருந்தது. கோஷாவுக்காக வைத்த திரை அது.

ஆனாலும் அங்கே காற்று ஓடுகிறது. மேல் மூன்று தளங்களும் ஒற்றை அறை அகலம்தான். பின்பக்கம் திறந்த முற்றம். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறது. பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வழி என்றால் போக்கும் வேண்டும். ஒரே சுவரில் ஜாலி வைத்து மற்ற மூன்றையும் அடைத்த அறையில் காற்று அசையாது. வெறும் ஜன்னலைவிட ஜாலி காற்றைத் தடுக்கவும் செய்யும் என்பதால், அங்கே புழுக்கம் கூடத்தான் செய்யும்.

மே மாதம் 'லூ' என்னும் அனல்காற்று வீசும்போது இந்த ஏற்பாடு எதிரியாகிவிடும். தோலின் சூடு சுமார் 35 டிகிரி. 43 டிகிரிக் காற்று வியர்வையை உலர்த்தினாலும், கூடவே தன் சூட்டையும் உடம்பில் ஏற்றும். ஜாலிக்கோ கதவு கிடையாது. அதனால்தான் வட இந்திய வீடுகளில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி, தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றே குளிர்கிறது. ஜாலியின் பெயரில் எழுதப்படும் பெருமையில் ஒரு பங்கு அந்தத் தட்டிக்கும், தண்ணீர் சுமந்தவர்களுக்கும் சேர வேண்டியது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்த ஊர்களில் இந்த உத்தியும் பெரிதாகப் பலிக்காது. புழுதியும் கொசுவும் எல்லா ஊரிலும் துளை வழியே தாராளமாக வரும்.

மறைப்பும் பகலுக்கு மட்டும் உரியது. வெளியே வெளிச்சம், உள்ளே மங்கல் என்றிருக்கும்வரை தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இருண்ட துளைகளே தெரியும். இரவில் உள்ளே விளக்கேற்றினால் நிலைமை தலைகீழ்.

இப்போது அடுக்குமாடி முகப்புகளில் ஜாலி திரும்பி வந்திருக்கிறது, பெரும்பாலும் மெல்லிய தகடாக. அதே 5 சென்டிமீட்டர்த் துளையை 2 சென்டிமீட்டர்ப் பலகையில் வெட்டினால், ஜெய்ப்பூரில் மார்ச் மாத நண்பகலில் 63 டிகிரியில் நிற்கும் சூரியன்கூட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே எட்டிப் பார்க்கும். பழைய கல்லில் அந்த உயரத்துக்கு ஒரு கீற்றும் வராது. நகல் எடுத்தவர்கள் பூவை எடுத்துக்கொண்டார்கள், கனத்தை விட்டுவிட்டார்கள். சில இடங்களில் தகட்டுக்குப் பின்னால் திறக்க முடியாத கண்ணாடியும் இருக்கிறது.